மடக்கென்று உடையும் சாக்லேட்... பாதி வேலை தென்னந்தோப்பில்!

சித்திரை வெயிலில் குன்றத்தூர் மலையடிவாரக் கடையில் ஒரு சாக்லேட் பட்டை வாங்கிப் பாருங்கள். சில சமயம் வெள்ளித்தாள் மடிப்புக் கலையாமல் பிரியும். பட்டையை இரண்டாக ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும்; உடைந்த ஓரம் கண்ணாடிச் சில்லுபோல நேராக இருக்கும். இன்னொரு சமயம் தாள் பட்டையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். மேலே சாம்பல் பூத்திருக்கும். ஒடித்தால் சத்தமே வராமல் உதிரும். ஒரே கடை, ஒரே விலை. ஏன் இந்த வித்தியாசம்?

காரணம், சாக்லேட்டில் இருக்கும் கோகோ கொழுப்பு. இது உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஒரு விதம்தான் சாக்லேட்டுக்கு வேண்டும். அது சுமார் 34 டிகிரி வரை உருகாது. பளபளப்பும் உடையும் சத்தமும் அதனால்தான் வருகின்றன. இதற்காக உருகிய கறுப்பு சாக்லேட்டை 27, 28 டிகிரி வரை ஆறவைத்து, மறுபடி 31, 32 டிகிரிக்குச் சூடேற்றி அச்சில் ஊற்றுகிறார்கள்.

சென்னைப் புறநகரில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கடையில் பகலில் உருகிய பட்டை இரவில் தானாக உறையும்போது அந்த நல்ல படிகம் அமைவதில்லை. மேலே பூக்கும் வெண்மை பூஞ்சணம் அல்ல. வெளியே வந்து உறைந்த கொழுப்புதான். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசிதான் குறையும். உடைந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் பட்டைகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். நடுவில் உள்ள கடலை, முந்திரி விழுதின் எண்ணெய் மெல்ல மேல் அடுக்குக்கு ஏறி அதை இளக்கிவிடும்.

ஆக, உடையும் சத்தம் ஆலையின் கைவேலை. ஆனால் வாயில் போட்டதும் வரும் மணம் ஆலையில் மட்டும் உண்டாவதல்ல. அதன் பாதி, கோகோ விளையும் தோப்பிலேயே ஆறு நாளில் முடிவாகிவிடுகிறது. அங்கே தவறினால் எந்த ஆலையாலும் சரிசெய்ய முடியாது.

குற்றாலத்தில் தொடங்கிய பயிர்

இந்தியாவுக்குக் கோகோ வந்தது 1798-ல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் முதலில் நட்ட இடம் நம் குற்றாலம்தான். வணிகப் பயிராக அது வேரூன்றியது 1960-களுக்குப் பிறகு. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு இடையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 200 செடிகள் நிற்கின்றன. தென்னைக்குப் பாயும் தண்ணீரும் அதன் நிழலும் இதற்கும் போதும். சொந்தத் தோட்டத்துக் கொட்டையிலேயே பட்டை செய்து விற்கும் ‘சொக்லெட்’ நிறுவனமும் ஆனைமலையில்தான் இருக்கிறது.

ஆறு நாள் புளிப்பு

பச்சைக் காய் மஞ்சளானதும் பறிக்கிறார்கள். கத்தியால் வெட்டினால் உள்ளே கொட்டையில் காயம்பட்டு பூஞ்சணம் ஏறும். அதனால் கட்டையால் தட்டித்தான் உடைக்க வேண்டும். ஒரு காயில் 30 முதல் 40 கொட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி இனிப்பான வெள்ளைச் சதை. நடு நரம்பு, முளைவிட்ட கொட்டை, கருங்காய் நோய் பட்ட கொட்டை ஆகியவற்றை அப்போதே கழித்துவிட வேண்டும்.

மீதியை அடியில் ஓட்டை போட்ட மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலையும் சாக்கும் போட்டு மூடுகிறார்கள். 60 செ.மீ. நீள அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டி 100 கிலோவுக்குத் தாராளம். சதை புளித்துத் தண்ணீராக வடியும். குவியலின் சூடு 45 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் கொட்டையின் முளை செத்து, கசப்பு குறைந்து, பின்னால் வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறும் பொருள்கள் உண்டாகின்றன. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அடி மேலாகக் கிளறிவிட வேண்டும். ஆறு நாள் முடிந்ததும் களத்தில் மெல்லிதாகப் பரப்பி, ஈரம் 6, 7 சதவிகிதம் ஆகும்வரை காயவைக்க வேண்டும். நல்ல வெயில் இருந்தால் இதற்கு ஒரு வாரம் போதும். கைப்பிடியில் எடுத்து நசுக்கினால் கலகலவென்று சத்தம் வரும், தோல் நொறுங்கும்.

சிறு விவசாயிக்கு இடறல் இங்கேதான். 10, 20 கிலோ கொட்டையைப் பெரிய பெட்டியில் போட்டால் சூடு ஏறாது. புளிப்பு பாதியில் நின்றுவிடும். 100 கிலோ ஈரக்கொட்டைக்கு ஆயிரத்துக்கும் மேல் காய் வேண்டும். ஒரு ஏக்கர்க்காரருக்கு உச்சப் பருவம் தவிர ஒரே பறிப்பில் அவ்வளவு சேராது. அண்டைத் தோப்புக்காரர்கள் நாலைந்து பேர் ஒரே நாளில் பறித்து ஒரே பெட்டியில் போடுவதுதான் வழி. நேற்றுப் போட்ட பெட்டியில் இன்று வந்ததைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு நாளில் புளிக்கும்.

கொட்டையை ஒடித்தால் தெரியும்

பட்டையை ஒடித்துப் பார்ப்பதுபோல வியாபாரியும் கொட்டையை வெட்டிப் பார்க்கிறார். காய்ந்த கொட்டை நூறு எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார். உள்ளே பழுப்பு நிறமும் வாய்க்கால்போல விரிசல்களும் இருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதா நிறம் என்றால் அரைகுறை. சிலேட் நிறத்தில் வழவழப்பாகக் கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை. எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கசக்கும். கருத்து, மூத்திர நாற்றம் வந்தால் நாள் அதிகமாகிவிட்டது. வெள்ளை, பச்சை இழை தெரிந்தால் சரியாகக் காயவில்லை. விற்கப் போகும் முன் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துகொண்டால் ‘உன் சரக்கு மட்டம்’ என்று யாரும் அடித்துப் பேச முடியாது.

ஈரமா, காய்ந்ததா... எப்படி விற்பது?

100 கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் சுமார் 35 கிலோதான் நிற்கும். ஒரு கணக்குக்கு, ஈரக்கொட்டை கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 6,000 ரூபாய். அதையே காயவைத்தால் 35 கிலோ. கிலோ 171 ரூபாய்க்கு விற்றால்தான் அந்த 6,000 திரும்பும். கிளற, காயவைக்க, மழைக்கு அள்ளிவைக்க இரண்டு ஆள் கூலி 1,000 ரூபாய் சேர்த்தால் 200 ரூபாய் வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். விலை என்னவாக இருந்தாலும், காய்ந்த கொட்டை விலை ஈரக்கொட்டையின் மூன்று மடங்கைத் தெளிவாகத் தாண்டாவிட்டால் ஈரமாகவே விற்பது நல்லது. மழைக்காலத்திலும் அப்படித்தான். உலகச் சந்தையில் 2024-ல் டன் 10,000 டாலரைத் தாண்டிய பயிர் இது. ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். பெட்டியில் போடும் முன் அன்றைய இரண்டு விலையையும் கேட்டுவிட வேண்டும்.

குன்றத்தூர் பக்கம் கோகோ நடலாமா?

வீட்டுத் தென்னைக்கு அடியில் இரண்டு செடி வைக்கலாம், வளரும். வருமானத்துக்கு வேண்டாம். கோடை அனல்காற்றில் பூவும் பிஞ்சும் கருகும். அதைவிட முக்கியம், ஈரக்கொட்டையை அன்றே எடுத்துக்கொள்ள ஆள் அருகில் இருக்க வேண்டும். வாங்கும் இடம் தெரியாமல் நட்டால், காய்த்த பிறகு அணிலுக்கும் எலிக்கும்தான் விருந்து.