இரண்டு வாரப் பழக்கமும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும்

பழகி இரண்டே வாரம் ஆன ஒருவருக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்தில் கனம் கூடுவது பெரும்பாலும் அன்பு மிகுவதால் அல்ல. இன்னும் ஏற்படாத நெருக்கத்தை ஏற்பட்டுவிட்டதாக அது சொல்வதால்தான். பெண் பார்க்கும் பேச்சு தொடங்கி, இரு வீட்டாரின் சம்மதத்தோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும் இருவரிடம் இது நன்றாகத் தெரியும். இங்கே குரலைக் கேட்பதற்கு முன்பே ஜாதகத்தின் வழியாகப் பிறந்த தேதி கைக்கு வந்துவிடுகிறது. ஆள் பழகுவதற்குள் நாள் வந்துவிடும்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. தினம் அரை மணி நேரம் பேசினால் இரண்டு வாரத்தில் சேர்வது ஏழு மணி நேரம். ஆனாலும் அது அவ்வளவு குறைவாகத் தோன்றுவதில்லை. எழுத்தில் பழகுகிறவர்கள் கிடைத்த சிறு குறிப்புகளைக் கொண்டு எதிராளியை மனத்தில் உயர்த்தி வரைந்துகொள்கிறார்கள் என்று ஜோசப் வால்தர் 1996-இல் எழுதினார். இரவு பத்து மணிக்கு வரும் நான்கு வரிகளை வைத்து ஒரு முழு மனிதரையே கட்டிக்கொள்வது மனத்துக்கு எளிது. வாழ்த்து அப்படிக் கட்டிய மனிதருக்குப் போகாமல், உண்மையில் பேசியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஓர் உதாரணம். பெண் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பிறந்தநாளன்று விடுப்பு எடுத்திருப்பதாகவும், அன்று அம்மா அடைப்பிரதமன் செய்வார் என்றும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. இந்த ரெண்டு வாரம் என் வாழ்க்கையே மாறிடுச்சு. இனி வர்ற எல்லாப் பிறந்தநாளும் சேர்ந்தே கொண்டாடணும்.”

இதில் பொய் ஒன்றுமில்லை, அந்த நேரத்து மனம் அப்படித்தான் இருந்திருக்கும். சிக்கல் படிக்கிறவர் பக்கம் இருக்கிறது. முதல் வரி தன்னை முழுக்க அறிந்ததாகச் சொல்கிறது; அவரோ இன்னும் பாதி கூடச் சொல்லவில்லை. கடைசி வரி, வீட்டில் இன்னும் முடிவாகாத ஒன்றுக்குப் பதில் கேட்கிறது. பிறந்தநாள் காலையில் அவர் ‘சரி’ என்றும் சொல்ல முடியாமல், ‘பார்க்கலாம்’ என்றும் சொல்ல முடியாமல் நிற்பார்.

அதே மனிதர் அதே அன்போடு இப்படியும் எழுதலாம்: “ஹேப்பி பர்த்டே! லீவு போட்ட நாள்ல ஆபீஸ் போன் ஒண்ணுகூட வராம இருக்கட்டும். அடைப்பிரதமனுக்கு ரெண்டாவது கிண்ணத்துக்கும் வயித்துல இடம் வச்சுக்கோங்க. இந்த வருஷம் உங்களுக்கு நல்லா அமையட்டும்.”

இந்த வாழ்த்தின் இதம் அவர் சொன்ன இரண்டு சங்கதிகளிலிருந்து வருகிறது. புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. கவனித்துக் கேட்டதற்கான அடையாளம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஒருவருக்கு உண்மையாகக் கொடுக்கக்கூடியது அதுதான். எடுத்துக்கொள்ளும் சங்கதி அவரே வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும். பழைய பேஸ்புக் படங்களைத் துழாவிக் கண்டுபிடித்ததைச் சேர்த்தால் நெருக்கம் தோன்றாது, வேவு பார்த்த உணர்வுதான் தோன்றும். மனம் விட்டுச் சொன்ன வருத்தங்களையும், எவ்வளவு பரிவோடு நினைத்தாலும், அன்றைய வாழ்த்தில் தொடாமல் இருப்பது நல்லது.

நடை, இருவரும் தினமும் பேசும் நடையாகவே இருக்கட்டும். இதுவரை ‘நீங்க’ என்று பேசியவர் பிறந்தநாளைச் சாக்கிட்டு ‘நீ’ என்று மாறினால் படிக்கிறவர் அந்த ஓர் எழுத்திலேயே நின்றுவிடுவார். பேச்சுத் தமிழில் வளர்ந்த பழக்கத்துக்கு நடுவே திடீரென்று மேடைத் தமிழில் ஒரு வாழ்த்துப்பா வந்தாலும் அதே விலகல்தான். நீளத்துக்கும் இது பொருந்தும்: வழக்கமாக மூன்று வரி அனுப்புகிறவரின் வாழ்த்து நான்கைந்து வரி போகலாம். நள்ளிரவு பன்னிரண்டு மணி நெருங்கிய தோழிகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் உரிய நேரம். காலை எட்டு, ஒன்பது மணி போதும். சில வீடுகளில் தமிழ் மாதத்து நட்சத்திரத்தன்றுதான் கோயிலுக்குப் போவார்கள். அது தெரிந்திருந்தால், தேதிக்கு வாழ்த்திவிட்டு, நட்சத்திர நாளில் ஒரு வரி விசாரித்தாலே நிறைவாக இருக்கும். வீட்டுக்கே கேக் அனுப்புவது வேறு காரியம். கதவைத் திறப்பது அவருடைய அப்பாவாக இருக்கலாம், அப்போது அது இரு குடும்பங்களுக்கிடையே போன சீராகிவிடும்.

கனமாகிவிட்டதா என்பது பதிலில் தெரியும். வெகுநேரம் கழித்து, “ரொம்ப தேங்க்ஸ், இவ்வளவு எதிர்பார்க்கலை” என்று மட்டும் வந்தால், பெரும்பாலும் அது சற்றே பின்வாங்கும் குரல். அதற்கு விளக்கமோ மன்னிப்போ எழுதினால் கனம் இன்னும் கூடும். அடுத்த நாள் வழக்கமான பேச்சைத் தொடர்ந்தால் தானாகச் சரியாகும். பதில் மாலை வரை வராமல் போவதற்கு மட்டும் பொருள் தேடவேண்டியதில்லை. அன்று அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.