விண்டோஸ் எஸ் முறை

எஸ் முறை என்பது விண்டோஸ் இயங்குதளத்தின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவமாகும். 2017 மே மாதத்தில் விண்டோஸ் 10 எஸ் என்ற தனிப் பதிப்பாக இதனை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2018 முதல் இது தனிப் பதிப்பாக இல்லாமல், ஹோம், புரோ போன்ற பதிப்புகளில் அமையும் ஒரு முறையாக மாற்றப்பட்டது. விண்டோஸ் 11இல் ஹோம் பதிப்பில் மட்டுமே இது உள்ளது. விலை குறைந்த மடிக்கணினிகள் பல இம்முறையிலேயே விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர் பெரும்பாலும் முதல் நிரலை நிறுவ முயலும்போதுதான் இதனை அறிகிறார்.

நிரல்கள் மறுக்கப்படும் காரணம்

சி மொழி பயிலும் மாணவர் ஒருவர் கோட்பிளாக்ஸ் நிரலை அதன் இணையதளத்திலிருந்து பதிவிறக்குவதாகக் கொள்வோம். `codeblocks-20.03mingw-setup.exe` என்ற கோப்பைச் சொடுக்கியதும், மைக்ரோசாஃப்ட் சரிபார்த்த செயலிகள் மட்டுமே இயங்கும் என்ற அறிவிப்பு தோன்றுகிறது. நிறுவல் தொடங்குவதே இல்லை. கோப்பில் நச்சுநிரல் இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. கோப்பு பழுதாகிவிட்டது என்றும் பொருள் இல்லை.

எந்த நிரலையும் நினைவகத்தில் ஏற்றும் முன் விண்டோஸ் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்கிறது. எஸ் முறையில், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்தவையும் விண்டோஸுடன் வரும் கூறுகளும் மட்டுமே இச்சோதனையில் தேறும். சோதனை இயங்குதளத்தின் உள்ளேயே நடப்பதால் கோப்பின் பெயரை மாற்றினாலும், பென்டிரைவிலிருந்து இயக்கினாலும், நிர்வாகி உரிமையுடன் திறந்தாலும் பயனில்லை. தடையைச் சுற்றிச் செல்ல உதவக்கூடிய கட்டளைச் சாளரம், பவர்ஷெல், பதிவேட்டுத் திருத்தி ஆகியனவும் இதே காரணத்தால் மூடப்பட்டுள்ளன.

மேற்கண்ட மாணவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் எழுதும் நிரலைத் தொகுத்தால் கிடைக்கும் `hello.exe` கோப்பிலும் கையொப்பம் இருக்காது. ஆகவே வேறொரு கணினியில் தொகுத்துக் கொண்டுவந்தாலும், தாமே எழுதிய நிரலை இந்த மடிக்கணினியில் இயக்க அவரால் முடியாது.

எஸ் முறையை அறிதல்

Settings > System > About பக்கத்தில் Edition என்ற வரியில் `Windows 11 Home in S mode` என்று இருந்தால் கணினி எஸ் முறையில் உள்ளது. இதனை முதலில் பார்ப்பது நல்லது. ஏனெனில் எஸ் முறை இல்லாத கணினியிலும், செயலிகளை ஸ்டோரிலிருந்து மட்டும் பெறுமாறு அமைத்திருந்தால் இதுபோன்ற அறிவிப்பு தோன்றும். அந்த அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எஸ் முறை அவ்வாறு அன்று.

வெளியேறும் வழி

விண்டோஸ் 11இல் Settings > System > Activation பக்கத்தில் `Switch to Windows 11 Home` என்ற பகுதி இருக்கும். அங்குள்ள இணைப்பு ஸ்டோரைத் திறக்கும். அதில் `Switch out of S mode` என்ற தலைப்பின் கீழ் Get பொத்தானை அழுத்தி உறுதிசெய்தால் போதும். கட்டணம் இல்லை. கோப்புகளும் ஏற்கெனவே நிறுவிய செயலிகளும் அப்படியே இருக்கும்.

அதே பக்கத்தில் `Upgrade your edition of Windows` என்ற பகுதியிலும் ஸ்டோருக்கு ஓர் இணைப்பு உண்டு. அது பதிப்பை உயர்த்துவதற்கானது. அவ்வழியே சென்றால் கணினி எஸ் முறையிலேயே நீடிக்கும். கல்வி நிறுவனமோ அலுவலகமோ நிர்வகிக்கும் கணினியாக இருந்தால், மாறும் வசதியையே நிர்வாகி அடைத்து வைத்திருக்கலாம்.

நிரந்தரம் என்பதன் பொருள்

எஸ் முறைக்குத் திரும்பும் பொத்தான் விண்டோஸில் எங்கும் இல்லை. Reset this PC மூலம் கணினியை மீட்டமைத்தாலும் அது எஸ் முறைக்கு வெளியிலேயே இருக்கும். தயாரிப்பாளர் தரும் மீட்பு நகலைக் கொண்டு வட்டு முழுவதையும் அழித்து, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது ஒன்றே வழி. அப்போது அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் போய்விடும்.

வெளியேறியபின் டிஃபெண்டர் நச்சுநிரல் தடுப்பு தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் ஸ்டோருக்கு வெளியே வரும் நிரலை அடியோடு மறுக்கும் வேலி இனி இராது. மின்னஞ்சலில் வந்த போலி நிறுவல் கோப்பை, முன்பு யார் சொடுக்கினாலும் கணினி மறுத்திருக்கும். இனி எச்சரிக்கை வந்தாலும் அதைக் கடந்து இயக்கப் பயனரால் முடியும்.

எனவே தேவையான செயலி ஸ்டோரில் கிடைக்கிறதா, உலாவியிலேயே பயன்படுத்தும் வடிவம் உண்டா என்று முதலில் பார்க்கலாம். இணையம், ஆவணம், காணொளி ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணினி எஸ் முறையில் இருப்பதால் இழப்பு குறைவு. சி நிரல்களைத் தொகுத்து இயக்க வேண்டிய மாணவருக்கோ அந்தக் கணினியில் வெளியேறுவதே தீர்வாகும்.