எந்தச் சொல், எந்த நிமிடம்?

"தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவை, உங்க ரேட் என்ன?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். புதிதாக இறங்கியவர் உடனே "ஒரு ரூபா" என்றோ "ஒன்றரை ரூபா" என்றோ பதில் போட்டுவிடுவார். எந்தப் பக்கத்துச் சொல்லுக்கு அந்த ஒன்றரை ரூபாய் என்று அவரும் கேட்பதில்லை, ஏஜென்சியும் சொல்வதில்லை. பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'ஐ டிட் நாட் கோ டு தி ஆபீஸ்' என்பதில் ஏழு சொற்கள். 'நான் ஆபீசுக்குப் போகவில்லை' என்று எழுதினால் மூன்றுதான். வேற்றுமை உருபும் எதிர்மறையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி தமிழ். ஆயிரம் சொல் ஆங்கிலக் கட்டுரை தமிழில் வரும்போது ஏறக்குறைய எழுநூறாகச் சுருங்கும். மூலத்தின் சொற்களை எண்ணினால் ஒன்றரை ரூபாய் வீதம் 1,500 ரூபாய் வரும். தமிழில் வந்ததை எண்ணினால் 1,050 ரூபாய்தான். வேலை ஒன்றே, 450 ரூபாய் காணாமல் போகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். அங்கே மூலத்தை எண்ணினால் உங்களுக்கு நஷ்டம். இதனால் நான் எந்தத் திசையானாலும் ஆங்கிலப் பக்கத்தை எண்ணச் சொல்வேன். தமிழ்ச் சொல்லைத்தான் எண்ணுவோம் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் சண்டை வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றரை என்றால் தமிழ்ச் சொல்லுக்கு 2 ரூபாய் 15 காசு என்று சொல்லிவிடுங்கள், கணக்கு ஒன்றுதான்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையில் ஏமாற்றம் இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் நிமிடம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. தொண்டு நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் கிராமத்தில் எடுத்த பேட்டிகளை இப்படித்தான் வெளியே தருகின்றன. தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் தர வேண்டும், நிமிடத்துக்கு 25 ரூபாய் என்பார்கள். 45 நிமிடப் பதிவுக்கு 1,125 ரூபாய், முக்கால் மணி நேரத்துக்கு இது மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் அது ஒலி ஓடும் நேரம், உங்கள் நேரமல்ல. ஒரே ஆள் தெளிவாகப் பேசினால்கூட ஒரு மணி நேர ஒலிக்கு நாலு மணி நேரம் ஆகும். மரத்தடியில் எட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் குழு உரையாடல் என்றால் எட்டு மணி நேரம். நம் 45 நிமிடம் அப்படிப்பட்ட பதிவு என்றால், தமிழில் எழுதவே ஆறு மணி நேரம். நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் என்று வைத்தாலும் நாலாயிரம் தமிழ்ச் சொல் இருக்கும், ஆங்கிலத்தில் அது ஐயாயிரத்து எழுநூறை ஒட்டி வரும். மணிக்கு 300 சொல் வேகத்தில் இன்னொரு பத்தொன்பது மணி நேரம். மொத்தம் 25 மணி நேரத்துக்கு 1,125 ரூபாய், அதாவது மணிக்கு 45 ரூபாய். ஒப்புக்கொள்ளும் முன் ஐந்து நிமிட மாதிரியை வாங்கிக் கேட்டு, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எழுத்தாக்கத்தை நிமிடக் கணக்கிலும், மொழிபெயர்ப்பைச் சொல் கணக்கிலும் தனித்தனியாகப் பேசுங்கள்.

சப்டைட்டிலில் நிமிடம் என்றால் படம் ஓடும் நிமிடம். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: நேரம் குறித்த கோப்பு தருவார்களா, நாமே ஒவ்வொரு வரியும் எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று வைக்க வேண்டுமா? இரண்டாவது என்றால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆங்கில சப்டைட்டிலுக்கு ஒரு வரியில் 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்பது பெரிய ஓடிடி தளங்களில் வழக்கம். மூச்சுவிடாமல் பேசும் பட்டிமன்றத்தை அதற்குள் அடக்கும் வேலையை, வசனமே இல்லாத சண்டைக் காட்சியின் விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். திருத்தம் எத்தனை முறை என்பதும், பாட்டுகள் இதில் சேருமா என்பதும் முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

வேலை தருகிறோம் என்று சொல்பவர்களில் சிலர் உங்களிடமிருந்தே பணம் பறிக்க வந்தவர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பாதுகாப்பு டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு வகை கொஞ்சம் தந்திரமானது. ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, டைப்பிங் வேலை தந்து, பிறகு "நீங்கள் செய்ததில் துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழ், அபராதம் கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒரு காகிதத்தை அனுப்புவார்கள். இது நீதிமன்ற ஆணை அல்ல. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் யாரும் கோர முடியாது. பயந்து பணம் அனுப்பாமல் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுங்கள். மாதிரித் தேர்வு கேட்பது நியாயமே, ஆனால் அது ஒரு பக்கம் வரைதான். நாற்பது பக்க ஆவணத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்து 'தேர்வு' என்ற பெயரில் இலவசமாக முடித்துக்கொள்பவர்கள் உண்டு. வெளிநாட்டு ஏஜென்சி என்றால் ProZ.com தளத்தின் 'ப்ளூ போர்ட்' பகுதியில் மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பணம் வராவிட்டால் என்ன செய்வது? கெஞ்சுவதைத் தவிர வேறு வழி இல்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீங்களும் ஒரு குறுந்தொழில். udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் எண்ணை வைத்துப் பதிவு செய்தால் உத்யம் எண் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை, காசு கேட்கும் தளம் அரசின் தளமல்ல. வேலை எடுக்கும் முன்பே இந்தப் பதிவு இருக்க வேண்டும், பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பயன்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. எழுத்துபூர்வமான ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். வேலையைக் கொடுத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளையே ஏற்ற நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. கொடுக்காவிட்டால் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் ஆன்லைனிலேயே முறையிடலாம். முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உடனே தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போட்டாலே கணக்குப் பிரிவில் அசைவு தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இது செல்லாது. அங்கே முன்பணம், சின்னச் சின்னத் தவணைகளாக ஒப்படைப்பது, இவைதான் காப்பு.

இதற்கெல்லாம் ஆதாரம் காகிதம்தான். எண்ணும் முறை, விலை, கெடு, திருத்தங்களின் எண்ணிக்கை நான்கையும் மின்னஞ்சலில் எழுதி, "சரி" என்ற பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதையும் அன்றே மின்னஞ்சலில் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கோப்பை அனுப்பும் அதே மின்னஞ்சலில் இன்வாய்ஸும், அதில் உத்யம் எண்ணும் இருக்கட்டும்.