ஏழு வாக்கியம், ஆறு ‘அவர்’

பள்ளிக் கட்டுரையிலும் மலர்களில் வரும் வாழ்க்கைக் குறிப்பிலும் இப்படி ஒரு பத்தியை அடிக்கடி பார்க்கலாம்:

“உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தார். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். அவர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவர் அந்த ஊரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அவர் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரிடம் கேட்டார். அவர் அந்த நூலின் ஏடுகளைத் தேடினார். அவர் 1887-இல் அதைப் பதிப்பித்தார்.”

தகவல் எதுவும் தவறில்லை. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் வருகைப் பதிவேட்டை வாசிப்பது போல இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் புதிதாகப் புறப்பட்டு, அடுத்ததற்குக் கை கொடுக்காமலே நின்றுவிடுகிறது. ஐந்தாவது வாக்கியத்தில் குழப்பமும் சேர்கிறது: கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார்?

திருத்த உட்காரும்போது முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் அடிக்கோடிட வேண்டும். பிறகு, அடிக்கோடிட்ட ‘அவர்’களில் எவை இல்லாமல் பொருள் விளங்கும் என்று பார்க்க வேண்டும். தமிழில் இதற்கு இடம் அதிகம். ‘கற்றார்’ என்ற வினைமுற்றின் விகுதியே செய்தவரை ஓரளவு காட்டிவிடுகிறது. பத்தி ஒருவரைப் பற்றியே போய்க்கொண்டிருக்கும்வரை எழுவாயைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இன்னொருவர் உள்ளே வந்ததும் நிலைமை மாறும். ‘கேட்டார்’ என்பது சாமிநாதையருக்கும் பொருந்தும், முதலியாருக்கும் பொருந்தும். எழுவாயை விட்டுவிட்டால், கேட்டவர் சாமிநாதையர் என்றே வாசகர் கொள்வார். ‘அவர்’ என்று போட்டாலும் ஐயம் தீராது. அந்த இடத்தில் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அடுத்த வழி, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குவது. ‘பிறந்தார்’ என்பதைப் பெயரெச்சமாக்கி ‘1855-இல் பிறந்த சாமிநாதையர்’ என்றால் முதல் இரண்டும் இணைந்துவிடும். வினையெச்சமும் உதவும், ஆனால் அதில் ஒரு வழுக்கல் உண்டு. ‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சம் வந்தால், இரண்டு செயலையும் ஒருவரே செய்ததாகப் பொதுவாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘முதலியார் கேட்டு, சாமிநாதையர் தேடினார்’ என்பது அதனால்தான் இடறுகிறது. ஆள் மாறும்போது ‘முதலியார் கேட்டதும்’ என்றோ ‘கேட்கவே’ என்றோ எழுதினால் சரியாகும்.

மூன்றாவது வழிதான் ஓட்டத்தை உண்டாக்குவது. முந்தைய வாக்கியம் எதில் முடிந்ததோ அதிலிருந்து அடுத்ததைத் தொடங்கலாம். வேற்றுமை உருபு ஒட்டியிருப்பதால் செயப்படுபொருளையும் இடத்தையும் காலத்தையும் முன்னே கொண்டுவந்தாலும் பொருள் சிதையாது. வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தது முன்னாலும் புதிய செய்தி பின்னாலும் வந்தால் படிப்பவர் தடுக்காமல் போவார்.

இவற்றைக் கொண்டு அதே பத்தியை இப்படி எழுதலாம்:

“1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது 1880-இல். அந்த ஊரில்தான் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அந்தக் கேள்வி சாமிநாதையரை ஏடு தேட வைத்தது. பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டு, 1887-இல் நூலைப் பதிப்பித்தார்.”

‘அந்த ஊரில்தான்’, ‘அந்தக் கேள்வி’ என்ற இரண்டு தொடக்கங்களும் முன் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. கேள்விதான் தேடலுக்குக் காரணம் என்பது முதல் பத்தியில் எங்குமே இல்லை. தொடக்கத்தை மாற்றியதில் அது வெளியே வந்தது. இன்னொன்றையும் கவனிக்கலாம். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால், சலிப்பு தொடக்கத்தில் மட்டுமல்ல, ‘ஆர்… ஆர்…’ என்று முடிவிலும் ஒலிக்கும். ‘கிடைத்தது 1880-இல்’, ‘தேட வைத்தது’ என்ற இரு முடிவுகள் அந்த ஒலியை உடைக்கின்றன.

மாற்றுகிறேன் என்று ‘மேலும்’, ‘பிறகு’, ‘அதன்பின்’ என்று வரிசையாகத் தொடங்குவது பழைய நோய்க்குப் புதுப் பெயர் வைப்பதுதான். எல்லா வாக்கியத்தையும் ஆண்டில் தொடங்கினாலும் அதே கதி. வேண்டுமென்றே ஒரே சொல்லில் தொடங்கும் இடங்களும் உண்டு. மேடைப் பேச்சில் மூன்று வாக்கியங்கள் ஒரே சொல்லில் எழுந்து, மூன்றாவது உச்சத்தைத் தொடும். அதைக் கலைத்தால் வேகம் போய்விடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. வாக்கியங்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே அடுக்கியதாக இருந்தால் மாற்றியதும் பலம் குறையும். மாற்றியும் எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றால், அந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று இன்னும் சேரவில்லை. திருத்தத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.