பச்சையில் 22, வெந்தபின் 31: கோழிக்கறியின் புரதக் கணக்கு

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் எவ்வளவு புரதம் இருக்கிறது? ஒரு பட்டியல் 22 கிராம் என்கிறது, இன்னொன்று 31 என்கிறது. இரண்டுமே சரிதான். முதல் எண் பச்சைக்கறிக்கு உரியது, இரண்டாவது வெந்த கறிக்கு உரியது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன: பச்சைக்கு 22.5, அவனில் சுட்டதற்கு 31. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல் பச்சைக்கறியின் அளவைத் தருகிறது. எண்ணை ஒரு பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டு, தராசில் வேறு நிலையிலுள்ள கறியை வைக்கும்போதுதான் கணக்கு தப்புகிறது.

அந்தத் தப்பு சிறியதும் அல்ல. உணவியல் நிபுணர் ஒருவர் “தினம் 150 கிராம் சிக்கன் சாப்பிடுங்கள்” என்று எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பச்சையாக நிறுத்தால் கிடைப்பது சுமார் 34 கிராம் புரதம். வெந்தபின் நிறுத்தால் 46 கிராம். இடையில் இருக்கும் 12 கிராம் ஏறக்குறைய இரண்டு முட்டையின் புரதம். சிறுநீரகக் கோளாறுக்காகப் புரதத்தை அளந்து சாப்பிடுகிறவருக்கு இந்த வித்தியாசம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அந்த 150 பச்சையா, வெந்ததா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுப்பில் என்னதான் நடக்கிறது? பச்சை நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 100 கிராமை எடுத்துக்கொண்டால் 74 கிராம் தண்ணீர், 22.5 கிராம் புரதம், மீதி கொஞ்சம் கொழுப்பும் தாது உப்புகளும். தசையின் நுண்ணிய புரத இழைகள்தான் அந்தத் தண்ணீரைத் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே அந்த இழைகள் உருமாறத் தொடங்கி, பிடி தளர்கிறது. 60 டிகிரிக்கு மேல் இழைகளைச் சுற்றியுள்ள உறையும் சேர்ந்து சுருங்க, ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் தண்ணீர் வெளியேறுகிறது. கறியை வாணலியில் போட்டதும் எண்ணெயோடு நீர் சேர்ந்து சளசளவென்று கொதிப்பது இதனால்தான்.

வெந்து முடிந்தபோது அந்த 100 கிராம் கறி சுமார் 73 கிராமாக நிற்கும். போன 27 கிராமில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். 22.5 கிராம் புரதம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது 73 கிராமுக்குள் இருக்கிறது. 22.5ஐ 73ஆல் வகுத்து 100ஆல் பெருக்கிப் பாருங்கள், 31க்குப் பக்கத்தில் வரும். சமைப்பதால் புரதம் கூடவில்லை. எடை குறைந்ததால் ஒவ்வொரு கிராமிலும் அது நெருங்கி அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“பெரும்பாலும்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோழியை வேக வைக்கும்போது மேலே வெள்ளையாக நுரை திரளுமே, அதில் இருப்பது முக்கியமாகக் கறியிலிருந்து நீரில் கரைந்து வந்து, சூட்டில் உறைந்த புரதம். குழம்பிலோ சூப்பிலோ அது தங்கிவிட்டால் நம் வயிற்றுக்குத்தான் போகிறது. வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் சிறிதளவு போய்விடும். வீட்டுக் கணக்குக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இனி மாற்றும் முறை. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 500 கிராம் வாங்கியிருக்கிறீர்கள். கழுவிய தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு நிறுத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த கறியானால் முழுக்க உருகி நீர் வடிந்தபின் நிறுக்க வேண்டும், இல்லையென்றால் பனிக்கட்டியையும் கறியாக எண்ணிவிடுவோம். 500 கிராம் பச்சைக்கறியில் புரதம் சுமார் 112 கிராம். உப்பும் மிளகும் மட்டும் தூவிச் சுட்டு எடுத்தபின் அது 365 கிராம் இருக்கிறது. 365ஐ 500ஆல் வகுத்தால் 0.73. இதுதான் உங்கள் அடுப்புக்கும் உங்கள் கைப்பக்குவத்துக்கும் உரிய எண்.

வெந்த கறியில் 150 கிராம் தட்டில் போட்டுக்கொண்டால், 150ஐ 0.73ஆல் வகுங்கள். 205 கிராம் பச்சைக்கறிக்குச் சமம் என்று வரும். அதில் 46 கிராம் புரதம். பச்சை எடையிலிருந்து வெந்த எடை வேண்டுமானால் 0.73ஆல் பெருக்க வேண்டும். நிறுத்துப் பார்க்க முடியாத நாளில் முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்: நான்கு பங்கு பச்சைக்கறி மூன்று பங்காக வேகும்.

இந்த எண் சமையலுக்குச் சமையல் மாறும். அதே 500 கிராமை அதிக நேரம் அடுப்பில் விட்டு 325 கிராமாக வற்றவிட்டால், 100 கிராமில் புரதம் 34க்கு மேல் போகும். கறி சக்கையாகிவிட்டதே தவிர, வாணலியில் இருக்கும் மொத்தப் புரதம் அதே 112தான். உப்பு நீரில் ஊற வைத்த கறி தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் எடை குறைவாகவே இறங்கும். 0.85க்கு மேல் வந்தால் ஒன்று கறி இன்னும் சரியாக வேகவில்லை, அல்லது மசாலாவும் நீரும் ஒட்டிக்கொண்டு எடை காட்டுகின்றன என்று பொருள். தொடைக்கறியில் கொழுப்பு கூடுதல், புரதம் பச்சையில் 20க்குச் சற்றுக் குறைவு. அதற்கு நெஞ்சுக்கறியின் 22.5ஐ எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேரும் வறுவலுக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. ஏனென்றால் தராசில் நிற்பது கறி மட்டுமல்ல. அங்கே பங்குக் கணக்குதான் உதவும். பச்சையில் நிறுத்த 500 கிராமுக்கு 112 கிராம் புரதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இறக்கியபின் வறுவல் முழுவதும் 420 கிராம் இருந்து, நீங்கள் 140 கிராம் எடுத்தால், அது மூன்றில் ஒரு பங்கு. கறித்துண்டுகள் சீராகக் கலந்திருந்தால் உங்களுக்குக் கிடைத்தது 37 கிராம். மைதாவும் சோளமாவும் பூசிப் பொரிக்கும் சிக்கன் 65க்கும் இதே வழிதான். மாவின் எடையைக் கறியாக எண்ணி 31ஆல் கணக்கிட்டால் இல்லாத புரதத்தை எழுதிக்கொள்வோம்.

எலும்போடு வைக்கும் குழம்பில் இன்னொரு படி உண்டு. எலும்பின் பங்கு வெட்டுக்கு வெட்டு மாறுவதால் கடையில் நிறுத்த எடை உதவாது. தட்டில் வைத்த துண்டுகளை, குழம்பை வடித்துவிட்டு, நிறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் எலும்பை மட்டும் நிறுங்கள். துண்டுகள் 220 கிராம், எலும்பு 60 கிராம் என்றால் நீங்கள் தின்ற கறி 160 கிராம். நெஞ்சும் தொடையும் கலந்து வெந்த கறிக்கு, தோல் இல்லாமல், 100 கிராமுக்கு 27 என்று வைத்தால் சுமார் 43 கிராம் புரதம்.

தினமும் இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. வழக்கமாகச் செய்யும் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நிறுத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்தால் போதும். அந்தக் குறிப்பில் ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் “பச்சை” அல்லது “வெந்தது” என்ற ஒரு சொல் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத எடையை வைத்துப் புரதத்தைக் கணக்கிட முடியாது.