ஆயிலில் மிச்சமிருக்கும் காரம்

டீசல் என்ஜினில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வாயுக்களில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. டீசலில் கந்தகம் இருந்தால் அது ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் கடும் வெப்பத்தில் ஆக்சைடுகளாகி நைட்ரிக் அமிலத்துக்கு வழி செய்கிறது. ஆயிலும் சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தன் பங்குக்குக் கரிம அமிலங்களைத் தருகிறது. இந்த அமிலங்களை அப்படியே விட்டால் பேரிங்கின் ஈயமும் செம்பும் அரிக்கப்படும். அதைத் தடுக்கத்தான் ஆயில் தயாரிக்கும்போதே அதில் காரப்பொருளைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் இது கால்சியம் அல்லது மெக்னீசியம் கார்பனேட்டின் நுண்துகள். சோப்பு போன்ற மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து நின்று ஆயிலில் மிதக்க வைக்கின்றன.

இந்தக் காரக் கையிருப்பை அளக்கும் எண்தான் மொத்தக் கார எண். ஆய்வகங்களில் இதை டிபிஎன் என்பார்கள். ஒரு கிராம் ஆயிலில் உள்ள காரம் எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குச் சமம் என்பதை இது சொல்கிறது. லாரிகளுக்கான புது டீசல் ஆயிலில் இது பெரும்பாலும் 10-ஐ ஒட்டி இருக்கும். கந்தகம் மிகுந்த கன எண்ணெயில் ஓடும் கப்பல் என்ஜின்களின் சிலிண்டர் ஆயிலில் 70, 100 என்றும் பார்க்கலாம்.

அளக்கும் முறை பள்ளி வேதியியலில் வரும் தரம்பார்த்தல்தான். தெரிந்த செறிவுள்ள அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சிறிது சிறிதாக விட்டு, காரம் தீரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பள்ளியில் இல்லாத இரண்டு சிக்கல்கள் இங்கே உண்டு. ஆயில் தண்ணீரில் கரையாது. ஓடிய ஆயில் கரிப்புகையால் கன்னங்கரேலென்று இருப்பதால் நிறங்காட்டியின் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. முதல் சிக்கலுக்குத் தீர்வு, ஆயிலைக் குளோரோபென்சீனும் நீரற்ற அசெட்டிக் அமிலமும் கலந்த கரைப்பானில் கரைப்பது. இரண்டாவதற்கு, கரைசலில் மின்முனைகளை வைத்து மின்னழுத்தத்தைப் படிப்பது. அமிலம் சேரச் சேர மின்னழுத்தம் மெல்ல மாறிக்கொண்டே வந்து, காரம் தீரும் இடத்தில் சட்டென்று தாவும். அந்தத் தாவலே முடிவுப் புள்ளி. ஏஎஸ்டிஎம் டி2896 எனப்படும் இந்த முறையில் பியூரெட்டில் இருப்பது அசெட்டிக் அமிலத்தில் கரைத்த பெர்குளோரிக் அமிலம். ஓடிய ஆயிலில் சில சமயம் தாவல் தெளிவாக விழாது, கோடு சரிந்துகொண்டே போகும். அப்போது பெர்குளோரிக் அமிலத்தை வேண்டுமென்றே மிகையாகச் சேர்த்து, எஞ்சியதைச் சோடியம் அசிட்டேட்டால் பின்னோக்கித் தரம்பார்க்கிறார்கள்.

கணக்கு எளிது:

TBN = (V − B) × N × 56.1 / W

V என்பது செலவான அமிலம், மில்லிலிட்டரில். B என்பது ஆயிலே இல்லாத வெறும் கரைப்பானுக்குச் செலவானது. N அமிலத்தின் செறிவு. W எடுத்த ஆயிலின் எடை, கிராமில். 56.1 பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை. 2 கிராம் புது ஆயிலுக்கு 0.1 செறிவுள்ள அமிலம் 3.62 மில்லி செலவாகி, வெறும் கரைப்பானுக்கு 0.05 மில்லி போனால், விடை 10.0. ஓடிய ஆயிலுக்கு 1.87 மில்லி மட்டும் செலவானால் 5.1. வித்தியாசம் மொத்தமே இரண்டு மில்லிக்கும் குறைவு என்பதால், எடை போடுவதிலும் மாதிரியைக் கலக்குவதிலும் கவனம் வேண்டும். புட்டியின் அடியில் படிவு தங்கியிருந்தால் அதைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

இனி அந்த 5.1 எதைச் சொல்கிறது என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டாக ஒரு லாரி. புது ஆயிலில் 10.0, 10,000 கிலோமீட்டரில் 7.6, 20,000-இல் 6.2, 30,000-இல் 5.1. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைவது வழக்கமானதே. ஆகவே முதல் பத்தாயிரத்தின் வேகத்தை வைத்து ஆயுளைக் கணக்கிட்டால், ஆயில் தீரும் முன்பே தீர்ந்ததாகத் தோன்றும். புது மதிப்பில் பாதியாகும்போது ஆயிலை மாற்றுவது பலரும் பின்பற்றும் வழக்கம். அதன்படி இந்த லாரி எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது.

பாதி என்பது பாதுகாப்பான கணக்கு, ஆனால் சற்றுக் குருட்டுக் கணக்கு. கூடவே அமில எண்ணையும் அளந்தால் நிலைமை தெளிவாகும். அதே ஆயிலின் அமில எண் 1.8, 2.4, 3.1, 3.9 என்று ஏறியிருப்பதாகக் கொள்வோம். புது ஆயிலிலேயே 1.8 இருப்பதில் வியப்பில்லை. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மம் இந்தச் சோதனையில் அமிலமாகத் தெரியும். 30,000-இல் இரண்டு எண்களுக்கும் இடைவெளி 1.2. கார எண் ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.11 இறங்குகிறது, அமில எண் 0.08 ஏறுகிறது. ஆயிரத்துக்கு 0.19 வீதம் இடைவெளி சுருங்கினால், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்புக்கு முன்பே ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்பதே பொதுவான எச்சரிக்கை.

இந்தக் கணக்கு பெரும்பாலும் பிழையாவது முறைகளைக் கலப்பதால்தான். டி4739 என்ற இன்னொரு முறை, ஓடிய ஆயிலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குறித்த இடைவெளிகளில் குறித்த அளவாக விடுகிறது. பெர்குளோரிக் அமிலம் வலிமை குன்றிய காரங்களையும், அமிலத்தோடு ஏற்கெனவே வினைபுரிந்த சில உப்புகளையும்கூடக் காரமாக எண்ணிவிடும். ஹைட்ரோகுளோரிக் முறை அவற்றில் பலவற்றை விட்டுவிடும். அதனால் ஒரே ஓடிய ஆயில் முதல் முறையில் 5 என்றும் இரண்டாம் முறையில் 3-ஐ ஒட்டியும் காட்டலாம். புது ஆயிலின் விவரத்தாளில் உள்ள எண் பெரும்பாலும் டி2896-இன் எண். அதை ஆய்வக அறிக்கையின் டி4739 எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு ஆயில் செத்துவிட்டது என்று முடிவு செய்வது தவறு. நேர்மாறான ஆபத்தும் உண்டு: டி2896-இன் மதிப்பு, உண்மையான பாதுகாப்பு தீர்ந்த பிறகும் பூஜ்யத்துக்கு இறங்காமல் நிற்கும்.

மேலூற்றுதலும் கணக்கைக் குழப்பும். 30 லிட்டர் ஆயிலில் 3 லிட்டர் குறைந்து, அதே அளவு புது ஆயில் ஊற்றப்பட்டால், 5.1 ஆக இருந்த எண் 5.6 ஆகிவிடும். புதிதாக வந்த காரம் உண்மையானதுதான். ஆனால் அதைப் பதிவேட்டில் குறிக்காவிட்டால், காரம் உண்மையில் செலவாகும் வேகம் குறைவாகத் தெரியும். எதிர்த்திசையில், இரண்டு மாதிரிகளுக்கு நடுவே எண் திடீரென்று விழுந்தால், காரம் செலவாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா, வேறு ரக ஆயில் ஊற்றப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. டீசல் கலந்திருந்தால் பிசுக்குமையும் கூடவே இறங்கியிருக்கும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தக அமிலம் இப்படிக் குறைந்ததால் கார எண்ணும் முன்பைவிட மெதுவாகவே இறங்குகிறது. ஆனால் ஆயில் ஆக்சிஜனேற்றத்தால் தடிப்பதும் கரிப்புகை சேர்வதும் கந்தகத்தை நம்பியிருப்பவை அல்ல. எனவே கார எண் 6-இல் நிற்கும்போதே பிசுக்குமை ஏறிவிட்டால், அந்த ஆயிலை மாற்ற வேண்டியதுதான். அறிக்கையில் ஈயமோ செம்போ ஒரு மாதிரியிலிருந்து அடுத்த மாதிரிக்குத் தாவியிருந்தாலும் மிச்சமுள்ள காரத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அரிப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம்.