பீப்பாவில் மஞ்சளாகிப்போன அரிசி: சமைக்கலாமா, கொட்ட வேண்டுமா?

வீட்டைப் பூட்டிவிட்டு அவசரமாக வெளிக்கிட்ட குடும்பம் பல மாதங்கள் கழித்துத் திரும்பி வருகின்றது. குசினி மூலையில் தகரப் பீப்பா வைத்த இடத்திலேயே இருக்கின்றது. மூடியைத் திறந்தால் உள்ளே அரிசி. ஆனால் நிறம் மஞ்சள். ஒருவித மணமும் வருகின்றது. கையிலே காசில்லாத வேளையில் 50, 60 கிலோ அரிசியைக் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்? “நல்லாக் கழுவி அவிச்சால் ஒண்டும் செய்யாது” என்று ஒருவர் சொல்வார். “மஞ்சள் அரிசி நஞ்சு, தொடாதேங்கோ” என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்வதும் முழுச் சரியல்ல. நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நல்ல அரிசியைக் கொட்டிவிடவும் கூடும், கெட்ட அரிசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடவும் கூடும். அரிசி ஏன் மஞ்சளாகியது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகின்றது?

புழுங்கலரிசிக்கு மஞ்சள் இயற்கையான நிறமாகும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியின் நிறம் அரிசியினுள் இறங்குகின்றது. எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே நிறமாக, கண்ணாடி போல இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் பழமை. வெள்ளைப் பச்சையரிசி உலர்ந்த நிலையில் நெடுநாள் இருந்தால் மெல்ல மெல்லப் பழுப்பு வெள்ளையாக மாறும். அது நஞ்சன்று. அறுவடையான உடனே குற்றிய அரிசி சோறாகும்போது குழையும். ஒரு வருடம் கிடந்த அரிசி உதிரியாக வரும். பழைய அரிசிக்கு எமது வீடுகளில் மதிப்பு இருந்ததற்கு இதுவே காரணம். தவிடு நீங்காத குத்தரிசி மட்டும் சில மாதங்களிலேயே காறல் மணம் கொள்ளும். தவிட்டிலுள்ள எண்ணெய் கெடுவதால் வரும் மணம் அது. பழைய தேங்காயெண்ணெயின் மணத்தை ஒத்திருக்கும். காறல் அரிசி சுவை கெட்டது, ஆனால் பூஞ்சணம் பிடித்த அரிசியைப் போல ஆபத்தானதல்ல.

மூன்றாவது காரணமே பயப்பட வேண்டியது: ஈரமும் பூஞ்சணமும். காலபோக அறுவடையின்போது மழை பெய்ய, ஈர நெல்லைக் குவித்துப் படங்கால் மூடி வைத்தால் குவியலின் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் மணிகள் மஞ்சளாகும். அதே ஈரத்தில் பூஞ்சணமும் வளரும். வெள்ளைப் பச்சையரிசியின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் மணிகள் கிடந்தால், அவை பெரும்பாலும் இப்படி வந்தவை. அரிசி உலர்ந்து, மணமின்றி இருந்தால் அந்த மணிகளைச் சுளகில் இட்டுப் பொறுக்கி எறிந்துவிட்டு மிகுதியைச் சமைக்கலாம். ஆனால் பீப்பாவில் இருந்தபோதே ஈரம் பட்டு, திட்டுத் திட்டாக மஞ்சளோ பச்சையோ சாம்பலோ கறுப்போ பிடித்திருந்தால், அது வேறு கதை.

அவித்தால் ஏன் போகாது?

பூஞ்சணம் ஓர் உயிர். கொதிநீரில் அது இறந்துவிடும். ஆனால் அது அரிசியில் விட்டுச்சென்ற நஞ்சு உயிரல்ல. கொதிப்பதால் அது சாவதில்லை. இந்த நஞ்சுகளில் முக்கியமானது அஃப்லாடொக்சின். இது முற்றாக அழிய 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். சோற்றுப் பானை 100 பாகையைத் தாண்டாது. கழுவுவதாலும் கஞ்சி வடிப்பதாலும் ஒரு பகுதி குறையலாம். எவ்வளவு மிஞ்சியது என்று எவராலும் சொல்ல முடியாது.

எமது வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. மணக்கும் அரிசியை இடித்து மாவாக்கி, வறுத்து, பிட்டோ இடியப்பமோ அவிப்பது. வறுக்கும்போது மணம் மறைந்துவிடும், நஞ்சு முற்றாகப் போகாது. மாவாகிவிட்ட பின் கெட்ட மணியைக் கண்டு பொறுக்கவும் வழியில்லை. ஆகவே சந்தேகமான அரிசியை ஒருபோதும் மாவாக்க வேண்டாம்.

அஃப்லாடொக்சின் ஈரலைத் தாக்குகின்றது. மிகுதியாக உடலிற் சேர்ந்தால் வாந்தி, வயிற்றுவலி, மஞ்சட்காமாலை, வயிறு வீங்குதல் என்பன உண்டாகும். சிறிது சிறிதாக நெடுங்காலம் சேர்ந்தால் ஈரலிற் புற்றுநோய் வர இடமுண்டு. 2004 இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், ஈரத்தோடு வீடுகளில் சேமித்த சோளத்தை உண்டதனால் 317 பேர் நோயுற்றனர். அவர்களுள் 125 பேர் இறந்தனர். அவர்களும் எம்மைப் போன்ற கமக்காரக் குடும்பங்களே. அரிசியில் இந்த நஞ்சு வழக்கமாகச் சோளத்திலும் நிலக்கடலையிலும் பார்க்கக் குறைவு. எனினும் புழுங்கலரிசியை உண்ணும் நாம் கவனமாக இருக்க வேண்டும். இலங்கையிற் செய்யப்பட்டு 1991 இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சையரிசியை விடப் புழுங்கலரிசியில் இந்த நஞ்சு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அவித்த நெல் சுணங்கிக் காய்ந்தால் பூஞ்சணத்துக்கு அது நல்ல விளைநிலம்.

ஒரு பீப்பாவைச் சோதித்துப் பார்ப்போம்

60 கிலோ புழுங்கலரிசி, சீமெந்துத் தரையில் வைத்த தகரப் பீப்பா, ஒன்றரை வருடம் திறக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சணத் தூளைச் சுவாசிப்பதும் கூடாது. பீப்பாவை வெளியே கொண்டுவந்து மூடியைத் திறந்து, சற்று நேரம் காற்றாட விடுங்கள். தலையை உள்ளே விட வேண்டாம். மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எமது பீப்பாவில் அங்கே கறள் பிடித்து, சில மணிகள் ஒட்டிக்கிடக்கின்றன. பகலிற் சூடான காற்று இரவில் குளிரும்போது மூடியில் நீர்த்துளி படிந்து, அரிசியின் மேல் விழுந்திருக்கின்றது என்பது இதன் பொருள்.

அரிசியைக் கிளறாதீர்கள், கவிழ்க்கவும் வேண்டாம். கிளறினால் கெட்டது நல்லதோடு கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. ஒரு பேணியால் மேலிருந்து படை படையாக அள்ளி, ஒவ்வொரு படையையும் வெவ்வேறு சாக்கில் போடுங்கள். எமது பீப்பாவில் மேற்படை நாலு விரல் ஆழத்துக்குக் கட்டிபட்டு, சாம்பற் பச்சையாக இருக்கின்றது. அது கொட்டுவதற்கு. அதன் கீழே ஒரு சாண் அரிசி கட்டிபடவில்லை. ஆனால் நனைந்த சாக்கின் மணம் அடிக்கின்றது. அதுவும் கொட்டுவதற்கே. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாவிட்டாலும் மணம் அதைக் காட்டிக்கொடுக்கின்றது. அடியிலே தரை ஈரம் ஏறிய ஒரு சாண் அரிசியும், பீப்பாச் சுவரில் ஒட்டிய அரிசியும் அவ்வாறே.

நடுப்பகுதி உதிரியாக, ஒரே இள மஞ்சளாக இருக்கின்றது. இதை மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும்.

ஒன்று, தொடுகை. கையை ஆழமாக விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூஞ்சணமோ வண்டோ வேலை செய்கின்றது. கட்டிகள் இருந்தால் பிரித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூலாற் கட்டுண்டிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை, புடைத்து நீக்கலாம். நூலின்றி ஈரத்தால் ஒட்டி, உடைக்கும்போது தூள் பறந்தால் அது பூஞ்சணம்.

இரண்டு, உப்புச் சோதனை. காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு அரிசியை இட்டு, வறுத்து ஆறவைத்த தூளுப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கால் மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டினால் அரிசியின் ஈரப்பதன் நூற்றுக்கு 15 இற்கு மேல். அதிற் பூஞ்சணம் வளரும். ஒட்டாவிட்டால் அரிசி காய்ந்தது.

மூன்று, மணம். ஒரு பிடி அரிசியைக் கோப்பையில் இட்டுச் சுடுநீர் ஊற்றி மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தவுடன் முகருங்கள். மறைந்திருக்கும் பூஞ்சண மணம் ஆவியோடு எழும். வீட்டில் இருவர் முகர்வது நல்லது. தடிமன் பிடித்தவர் முகர்ந்து பயனில்லை.

எமது பீப்பாவின் நடு அரிசி இம்மூன்றிலும் தேறுகின்றது என்றால், சுமார் 25 கிலோ மிஞ்சும். அதை வெயிலிற் பரப்பி, புடைத்து, நிறம் மாறிய மணிகளைப் பொறுக்கி, தனியாக வைத்துச் சில வாரங்களுக்குள் சமைத்து முடியுங்கள். ஒரு சோதனையிலாவது தவறினால், அல்லது பீப்பா முழுவதும் மணத்தால், எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஈர அரிசியை இப்போது காயவைப்பதால் முன்பே ஊறிய நஞ்சு போகாது.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. அவை ஈரத்தையும் பூஞ்சணத்தையும் காட்டும். நஞ்சை அளந்து காட்டமாட்டா. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆதலால் வேறு அரிசி சிறிதளவு கிடைத்தாலும் அதைக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும், முன்பு மஞ்சட்காமாலை வந்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். பீப்பாவில் முன்னர் பூச்சிமருந்தோ உரமோ இருந்திருந்தால், அல்லது மருந்து மணம் வீசினால், சோதனை எதுவும் தேவையில்லை. அந்த அரிசி உணவாகாது.

கோழிக்குப் போடலாமா?

கூடாது. கோழியும் வாத்தும் இந்த நஞ்சுக்குப் பலியாகும். வாத்துக் குஞ்சுகள் சிறப்பாக. இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே 1960 இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான். பசுவுக்குக் கஞ்சியாக வைத்தால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும். அதைக் குடிப்பது எமது பிள்ளைகள். கெட்ட அரிசியைக் கோழி கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

பீப்பாவை மீண்டும் நிரப்பும்போது

கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பீப்பாவைத் தரையில் வைக்காமல் இரண்டு பலகைத் துண்டுகளின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மணியைக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். நசிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். வெயிலிற் காய்ந்த அரிசியை அந்தச் சூட்டோடு மூடாதீர்கள். நிழலில் ஆறிய பின் கொட்டுங்கள். மூடியின் கீழே ஒரு காய்ந்த துணியை விரித்து மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தத் துணி ஈரமாக இருந்தால் அன்றைக்கே அரிசியை வெளியே எடுத்துப் பரப்ப வேண்டும்.